பழைய வீடியோவுக்குத் தம்ப்நெயிலும் தலைப்பும் மாற்றினேன், வியூஸ் ஏறுகிறது, ஆனால் சி.டி.ஆர். இறங்குகிறது. என்ன நடக்கிறது?

பூம்பாறை பூண்டுக்காரன்:
வணக்கம். கொடைக்கானல் மேல்மலையில் எங்கள் தோட்டத்து வேலைகளை வீடியோ எடுத்துப் போடுகிறேன். சின்ன சேனல்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் மலைப்பூண்டு பற்றி ஒரு வீடியோ போட்டேன், பதினொரு நிமிஷம். அப்பா பூண்டைத் தாளோடு கட்டிக் காயவைப்பார், கடைப்பூண்டுக்கும் நம் பூண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கையில் வைத்துக் காட்டுவார். தலைப்பு “பூம்பாறை விவசாயம் | பகுதி 3”. தம்ப்நெயில் யூடியூப் தானாக எடுத்துக் கொடுத்தது: பனி மூடிய படிக்கட்டு வயல். போட்ட இரண்டு நாள் சொந்தக்காரர்கள் பார்த்தார்கள். அதற்கப்புறம் தூங்கிவிட்டது. தினம் ஏழெட்டு வியூஸ்.

போன மாதம் அக்கா மகன் இரண்டையும் மாற்றினான். இப்போது தம்ப்நெயிலில் அப்பாவின் உள்ளங்கையில் இரண்டு பூண்டு, மேலே “எது மலைப்பூண்டு?” என்று பெரிய எழுத்து. தலைப்பு “உண்மையான மலைப்பூண்டைக் கண்டுபிடிப்பது எப்படி? பூம்பாறை விவசாயி சொல்கிறார்”. வீடியோவில் ஒரு நொடிகூட வெட்டவில்லை, சேர்க்கவில்லை.

இப்போது தினம் ஐம்பது வியூஸ் வருகிறது. பெரிய தொகை இல்லை, ஆனால் எனக்கு ஆச்சரியம். குழப்பம் இதுதான்: முன்பு சி.டி.ஆர். 5.1 சதவீதம் இருந்தது, இப்போது 3.4 காட்டுகிறது. தம்ப்நெயில் நன்றாக இருந்தால் சி.டி.ஆர். ஏற வேண்டாமா? பழையதையே வைத்துவிடலாமா?

குன்னூர் தேயிலை:
வாழ்த்துகள் அண்ணா. விஷயம் ரொம்ப சிம்பிள். தம்ப்நெயிலும் தலைப்பும் மாற்றினால் அல்காரிதம் அதைப் புது வீடியோவாக எடுத்துக்கொள்ளும். ரீசெட் ஆகிவிடும். அதனால்தான் புது வீடியோவுக்குக் கிடைக்கிற தள்ளு திரும்பவும் கிடைக்கிறது. சி.டி.ஆர். குறைந்தால் அந்தத் தள்ளு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். உடனே இன்னொரு தம்ப்நெயில் போடுங்கள். நான் வாரம் ஒரு தடவை மாற்றுகிறேன்.

வில்பட்டி வினோத்:
எனக்கும் இதே பிரச்சினை. என் ஷார்ட்ஸுக்கெல்லாம் தம்ப்நெயில் மாற்றிப் பார்த்தேன், ஒன்றும் நகரவில்லை. டெலிட் பண்ணிவிட்டுத் திரும்ப அப்லோட் பண்ணலாமா?

கோத்தகிரி கலா:
வினோத் தம்பி, இங்கே பேச்சு நீள வீடியோ பற்றி. ஷார்ட்ஸ் ஃபீடில் தம்ப்நெயில் யார் கண்ணிலும் படாது, விரலால் தள்ளினால் வீடியோவே ஓடத் தொடங்கிவிடும். அங்கே அடுத்ததற்குத் தள்ளாமல் நின்று பார்க்கிறார்களா என்பதுதான் கணக்கு. டெலிட் பண்ணாதீர்கள், இருக்கிற கமெண்டும் லிங்க்கும் போய்விடும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பூம்பாறை அண்ணா, பழையதை வைக்க வேண்டாம். நான் நாலைந்து சேனலுக்கு எடிட்டிங்கும் தம்ப்நெயிலும் செய்கிறேன், இந்தக் குழப்பம் எல்லாருக்கும் வரும். ஸ்டுடியோவில் அந்த வீடியோவின் அனலிடிக்ஸுக்குப் போய் அட்வான்ஸ்ட் மோடைத் திறந்து, டிராஃபிக் சோர்ஸ் வாரியாகப் பிரித்துப் பாருங்கள். மாற்றுவதற்கு முந்தைய ஒரு வாரம், இப்போது ஒரு வாரம். தேடலில் எத்தனை இம்ப்ரெஷன், எத்தனை சி.டி.ஆர்.; ஹோம் பேஜிலும் சஜஸ்டட்டிலும் சேர்த்து எத்தனை. அந்த நாலு எண்ணைப் போடுங்கள், பேசலாம்.

பூம்பாறை பூண்டுக்காரன்:
நன்றி கலா அக்கா. கிட்டத்தட்ட முழு எண்ணாக்கிச் சொல்கிறேன். சேனல் பேஜ் மாதிரி சில்லறையை விட்டுவிட்டேன்.

மாற்றுவதற்கு முந்தைய வாரம்: தேடலில் 800 இம்ப்ரெஷன், 6 சதவீதம். ஹோமும் சஜஸ்டட்டும் 200, ஒன்றரை சதவீதம்.

இப்போது: தேடலில் 1,000 இம்ப்ரெஷன், 7 சதவீதம். ஹோமும் சஜஸ்டட்டும் 9,000, 3 சதவீதம்.

கோத்தகிரி கலா:
இதோ உங்கள் பதில். முன்பு தேடலில் 48 கிளிக், மற்றதில் 3, மொத்தம் ஆயிரத்துக்கு 51. அதுதான் 5.1. இப்போது தேடலில் 70, மற்றதில் 270, மொத்தம் பத்தாயிரத்துக்கு 340. அது 3.4. தேடலில் சி.டி.ஆர். ஏறியிருக்கிறது, ஹோமில் இரண்டு மடங்கு ஆகியிருக்கிறது. இரண்டுமே ஏறியும் மொத்தம் இறங்கியதாகத் தெரிவதற்குக் காரணம், கூட்டத்தின் கலவை மாறியதுதான். பூம்பாறை என்று டைப் பண்ணித் தேடி வருகிறவர் கிளிக் செய்வது சகஜம். வீட்டில் சும்மா போனைத் தள்ளிக்கொண்டிருப்பவர் முன்னால் நம் வீடியோ வந்து நின்றால் நூற்றில் மூன்று பேர் தொட்டாலே நல்லது. யூடியூபே தன் உதவிப் பக்கத்தில், பாதி சேனல்களுக்கும் வீடியோக்களுக்கும் சி.டி.ஆர். 2 முதல் 10 சதவீதத்துக்குள் இருக்கும் என்றுதான் சொல்கிறது.

அதனால் மொத்த சி.டி.ஆரை மட்டும் பார்த்துத் தம்ப்நெயிலைத் திருப்பி வைத்தால், ஓடுகிற வண்டியை நாமே நிறுத்துவதாகிவிடும்.

தேயிலைத் தம்பி சொன்ன ரீசெட் என்று ஒன்று இல்லை. அப்லோட் தேதி மாறாது, பழைய பார்வைக் கணக்கும் அழியாது. இது என் கருத்து மட்டுமில்லை, யூடியூப் தரப்பிலேயே பலமுறை சொல்லியிருக்கிறார்கள்: மாற்றியதற்காக எதுவும் நடப்பதில்லை, மாற்றியதால் பார்வையாளர் வேறு மாதிரி நடந்துகொள்கிறார், அதற்குத்தான் சிஸ்டம் பதில் சொல்கிறது.

பழைய வீடியோ செத்துப்போவதில்லை, ஒரு சொட்டு இம்ப்ரெஷன் வந்துகொண்டேதான் இருக்கும். உங்களுக்கு வாரம் 200 வந்தது போல. அந்த இருநூறு பேர் பனிப் படத்தைப் பார்த்துக் கடந்துபோனார்கள். இந்த மாதிரி ஆட்களுக்கு இது வேண்டாம் போலிருக்கிறது என்று சிஸ்டம் விட்டுவிட்டது. இப்போது அதே இருநூறில் ஆறேழு பேர் தொட்டு, உள்ளே போய் உட்கார்ந்து பார்க்கிறார்கள். உடனே அவர்களைப் போன்றவர்களுக்கு, அதாவது சமையல் வீடியோ பார்க்கிறவர், வீட்டு வைத்தியம் பார்க்கிறவர், மாடித்தோட்டக்காரர் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டத் தொடங்குகிறது. “பூம்பாறை விவசாயம் | பகுதி 3” என்று இருந்தவரை, இந்த வீடியோ தனக்குத்தான் என்று அவர்களில் யாருக்குமே தெரிய வழியில்லை. பகுதி ஒன்றையே பார்க்காதவர் பகுதி மூன்றை ஏன் தொடுவார்?

குன்னூர் தேயிலை:
ரீசெட் இல்லை என்றால், நான் மாற்றுகிற ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் வியூஸ் எகிறுகிறதே அக்கா, அது எப்படி?

கோத்தகிரி கலா:
உங்கள் சப்ஸ்கிரைபர்கள் ஏற்கெனவே பார்த்த வீடியோவைப் புதுசு என்று நினைத்துத் தொடுகிறார்களோ என்னவோ. ரிட்டென்ஷன் கிராஃபைப் பாருங்கள். முதல் அரை நிமிஷத்தில் சரிவு முன்பைவிடச் செங்குத்தாக இருந்தால் அதுதான். கமெண்டிலும் “இதை முன்னாடியே பார்த்தாச்சே” என்று யாராவது எழுதியிருப்பார்கள். அப்புறம், வாரா வாரம் மாற்றினால் எந்தத் தம்ப்நெயில் வேலை செய்தது என்று உங்களுக்கே தெரியாது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தையும் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தையும் ஒப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். குறைந்தது இரண்டு வாரம் கையை வைக்காமல் விடுங்கள்.

ஊட்டி ரூம் ராஜா:
நான் நம்பமாட்டேன். 2022ல் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மலை ரயிலில் வந்த வீடியோ என்னிடம் இருக்கிறது. 46 கிலோமீட்டரும் ஜன்னலோரம், கல்லாறு தாண்டிப் பல்சக்கரத்தில் ஏறுவது, சுரங்கம், எல்லாம் இருக்கும். நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது. 2024 மே 7லிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் என்றானதும், எல்லாரும் அதைத்தானே தேடுவார்கள் என்று தலைப்பை “ஊட்டி போக இ-பாஸ் வேணுமா? இதைப் பார்த்துட்டுப் போங்க” என்று மாற்றினேன். தம்ப்நெயிலில் செக்போஸ்ட் படம். சி.டி.ஆர். பிய்த்துக்கொண்டு போனது. ஒரு வாரம்தான். அப்புறம் இருந்த வியூஸும் போச்சு. யூடியூப் சின்ன சேனலை அமுக்குகிறது, வேறென்ன?

கோத்தகிரி கலா:
ராஜா அண்ணா, வீடியோவில் இ-பாஸ் பற்றி எத்தனையாவது நிமிஷத்தில் வருகிறது?

ஊட்டி ரூம் ராஜா:
வீடியோவில் வராது. டிஸ்கிரிப்ஷனில் எழுதியிருந்தேன்.

மன்னவனூர் மாஸ்டர்:
2022ல் எடுத்த வீடியோவில் 2024 இ-பாஸ் எப்படி வரும்!

கோத்தகிரி கலா:
அமுக்கவில்லை அண்ணா. இ-பாஸ் தேடி வந்தவர் ரயில் ஜன்னலைப் பார்த்ததும் பத்து வினாடியில் வெளியே போய்விட்டார். இப்படி நூற்றுக்கணக்கானவர்கள் போனால், தொடுகிறார்கள் ஆனால் ஏமாறுகிறார்கள் என்றுதான் கணக்கு எழுதப்படும். அதோடு, ரயிலுக்காகத் தேடி வந்துகொண்டிருந்தவர்களுக்குத் தலைப்பில் ரயில் என்ற சொல்லே இல்லாமல் போனது. ஆக இருந்த வாசலும் அடைபட்டது. தலைப்புக்கும் உள்ளடக்கத்துக்கும் சம்பந்தமே இல்லாமல் வைப்பது யூடியூப் விதிப்படியும் தப்பு, வீடியோவையே தூக்கிவிட வாய்ப்பு உண்டு. ரயில் தலைப்பைத் திருப்பி வையுங்கள். இ-பாஸுக்குத் தனியாக ஒரு மூன்று நிமிஷ வீடியோ போடுங்கள்.

பூம்பாறை அண்ணா விஷயத்தில் இதற்கு நேர் எதிர். அவர் வீடியோவில் நல்ல சரக்கு ஏற்கெனவே இருந்தது, வெளியே பெயர்ப்பலகைதான் தப்பு. அண்ணா, அப்பா பூண்டைக் கையில் வைத்துக் காட்டுவது எத்தனையாவது நிமிஷம்? சராசரி எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள்?

பூம்பாறை பூண்டுக்காரன்:
ஒன்றே முக்கால் நிமிஷத்தில் வரும். சராசரி பார்வை முன்பு ஐந்தரை நிமிஷம், இப்போது ஐந்து. கொஞ்சம் குறைந்திருக்கிறது.

கோத்தகிரி கலா:
அது நல்ல நிலைமை. பழைய ஐந்தரை உங்கள் ஊர்க்காரர்களுடையது, இப்போதைய ஐந்து முன்பின் தெரியாதவர்களுடையது. அப்படியிருந்தும் பதினொரு நிமிஷத்தில் ஐந்து நிமிஷம் உட்காருகிறார்கள். மாற்றலாமா வேண்டாமா என்று ஒரு பழைய வீடியோவை எடைபோட நான் முதலில் பார்ப்பது இதைத்தான். வந்தவர்கள் தங்குகிறார்கள், ஆனால் வருகிறவர்கள் குறைவு என்றால் வெளித்தோற்றத்தை மாற்றினால் பலன் இருக்கும். வந்தவர்களே ஓடிவிடுகிறார்கள் என்றால் எந்தத் தம்ப்நெயிலும் காப்பாற்றாது. அதேபோல் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற வீடியோவைத் தொடவே கூடாது.

தம்ப்நெயில் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும், இது நம் மலைக்காரர்கள் எல்லாருக்கும் பொருந்தும். பனி நமக்கு அழகு, போனில் அது வெறும் சாம்பல் கட்டம். பழைய படத்தில் வயலும் வானமும் ஒரே நிறம், கட்டைவிரல் அளவில் பார்த்தால் என்ன என்றே புரியாது. உள்ளங்கையில் இரண்டு வெள்ளைப் பூண்டு, பின்னால் கறுத்த மண், அது பளிச்சென்று விழுகிறது. தமிழ் எழுத்து அகலம் எடுக்கும், அதனால் இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் வேண்டாம். கீழே வலது மூலையில் வீடியோ நீளம் ஒட்டிக்கொள்ளும், அங்கே எதையும் வைக்காதீர்கள். மாஸ்டர் வீடியோக்களில் பாதிக்கு அந்த இடத்தில்தான் ஊர்ப் பெயர் இருக்கிறது!

மன்னவனூர் மாஸ்டர்:
குற்றச்சாட்டை ஏற்றுக்கொள்கிறேன் அம்மா. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் பாக்கி. பூண்டு விலை ஏறும்போதெல்லாம் பூண்டைப் பற்றிய தேடலும் ஏறும். மலைப்பூண்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து போலிப்பூண்டுப் பேச்சு அவ்வப்போது கிளம்புகிறது. சீசனில் சுற்றுலாக்காரர்கள் கொடைக்கானல் கடையில் பூண்டு வாங்கிவிட்டு, இது நிஜம்தானா என்று போனைத் திறப்பார்கள். பூம்பாறைக்காரர் படத்தை மாற்றாமல் இருந்திருந்தாலும் ஏறியிருக்காது என்று எப்படிச் சொல்ல முடியும்?

கோத்தகிரி கலா:
நியாயமான கேள்வி சார். முழுசாக நிரூபிக்க முடியாது, ஆனால் நெருங்கலாம். கூகுள் டிரெண்ட்ஸில் யூடியூப் தேடல் என்று தேர்ந்தெடுத்து மலைப்பூண்டு, பூண்டு இரண்டையும் போட்டுப் பார்க்கலாம். சின்னச் சொல்லுக்குச் சில சமயம் அங்கே தரவே இருக்காது. இன்னொரு வழி, அதே தொடரில் தலைப்பு மாற்றாத பகுதிகள் அதே வாரங்களில் என்ன செய்தன என்று பார்ப்பது. எல்லாம் சேர்ந்து ஏறியிருந்தால் சீசன். இது மட்டும் ஏறியிருந்தால் மாற்றம்.

பூம்பாறை பூண்டுக்காரன்:
பார்த்தேன். பகுதி 2 நிலம் தயார் பண்ணுவது, அசையவே இல்லை. பகுதி 5 கேரட், அதுவும் அப்படியே. பகுதி 4 மட்டும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. அது பூண்டை மூட்டை கட்டி அனுப்புவது.

மன்னவனூர் மாஸ்டர்:
பார்த்தீர்களா, தலைப்பு மாற்றாத பூண்டு வீடியோவும் ஏறியிருக்கிறது! கேரட் ஏறவில்லை என்பது கணக்கில் வராது, கேரட்டைப் போலி என்று யாரும் சந்தேகப்படுவதில்லை.

கோத்தகிரி கலா:
பகுதி 4க்கு டிராஃபிக் எங்கிருந்து என்று பாருங்கள் அண்ணா. சஜஸ்டட்டில், எந்த வீடியோவிலிருந்து என்று பட்டியல் வரும்.

பூம்பாறை பூண்டுக்காரன்:
பாதிக்கு மேல் பகுதி 3லிருந்துதான் வந்திருக்கிறது. மீதி தேடல். தேடலும் முன்பைவிடக் கொஞ்சம் கூடத்தான்.

கோத்தகிரி கலா:
அப்படியென்றால் இரண்டு பேரும் கொஞ்சம் கொஞ்சம் சரி. பகுதி 3ஐப் பார்த்து முடித்தவர்கள் அடுத்ததற்குப் போகிறார்கள், அது மாற்றத்தின் பின்விளைவு. மிச்சத் தேடல் சீசனாக இருக்கலாம். ஆனாலும் ஹோம் சி.டி.ஆர். ஒன்றரையிலிருந்து மூன்றானதை சீசன் மட்டும் செய்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. காட்டிய இடம் நாற்பத்தைந்து மடங்கு விரிந்தும் விகிதம் ஏறியிருக்கிறது. வழக்கமாக விரிய விரிய அது இறங்கும்.

மன்னவனூர் மாஸ்டர்:
நினைப்பதற்கும் நிரூபிப்பதற்கும் இடையில் நான் நின்றுகொள்கிறேன்.

குன்னூர் தேயிலை:
ஸ்டுடியோவிலேயே டெஸ்ட் அண்ட் கம்பேர் இருக்கிறதே, மூன்று தம்ப்நெயில் போட்டு விட்டால் சண்டை தீர்ந்தது. ஒரே நாளில் ஒரே கூட்டத்தில் பிரித்துக் காட்டும், சீசன் குறுக்கே வராது.

கோத்தகிரி கலா:
இதில் நீங்கள் சொல்வது சரி தம்பி, சீசனைத் தள்ளிவைக்க அதுதான் சுத்தமான வழி. மூன்று படம் வரை போடலாம், இரண்டு வாரம் வரை ஓடும். ஜெயித்ததைத் தீர்மானிப்பது சி.டி.ஆர். இல்லை, எந்தப் படத்தால் அதிக நேரம் பார்க்கப்பட்டது என்பது. ராஜா அண்ணாவின் செக்போஸ்ட் படத்தை இதில் விட்டிருந்தால் கிளிக் அதிகம் வாங்கியும் தோற்றிருக்க வாய்ப்பு அதிகம். எல்லாப் படமும் 1280க்கு 720 அளவில் இருக்கட்டும், ஒன்று சின்னதாக இருந்தாலும் எல்லாவற்றையும் தரம் குறைத்துவிடும்.

ஆனால் வாரம் ஆயிரம் இம்ப்ரெஷன் வருகிற தூங்கும் வீடியோவில் டெஸ்ட் வைத்தால் முடிவு தெளிவில்லை என்றுதான் பெரும்பாலும் வரும். கூட்டம் போதாது. அப்படிப்பட்ட வீடியோவில் துணிந்து மொத்தமாக மாற்றிவிட்டு, டிராஃபிக் சோர்ஸைப் பார்த்துக் காத்திருப்பதுதான் வழி. அண்ணாவுக்கு இப்போது கூட்டம் வருகிறது. இது சமநிலைக்கு வந்த பிறகு டெஸ்ட் வைக்கலாம், இப்போது வேண்டாம்.

வில்பட்டி வினோத்:
தலைப்பில் எதை மாற்றினால் தேடலில் வரும் அக்கா? டேக் நிறையப் போட்டால் போதாதா?

கோத்தகிரி கலா:
டேக் கிட்டத்தட்ட எதுவும் செய்யாது, பெயரை அடிக்கடி தப்பாக டைப் பண்ணுவார்கள் என்றால் மட்டும் உதவும். தேடலில் தலைப்புதான் பேசும், டிஸ்கிரிப்ஷனின் முதல் வரிகளும். நூறு எழுத்து வரை இடம் உண்டு, ஆனால் போனில் பின்பாதி வெட்டுப்படும், முக்கியமான சொல் முன்னால் வரட்டும். நம் ஆட்கள் பாதிப் பேர் `malai poondu` என்று ஆங்கில எழுத்தில்தான் தேடுகிறார்கள், அதை டிஸ்கிரிப்ஷனில் ஒரு முறை சேருங்கள். அண்ணாவுக்குத் தேடல் 800லிருந்து 1,000 ஆனது மட்டும்தான் தலைப்பின் நேரடி வேலை. மீதி 8,800 ஹோமிலும் சஜஸ்டட்டிலும் வந்தது, அங்கே படமும் தலைப்பும் சேர்ந்து இழுத்தன. எது எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை, மருமகன் இரண்டையும் ஒரே நாளில் மாற்றிவிட்டார்!

மன்னவனூர் மாஸ்டர்:
எனக்கு ஒரு உதவி. 2018ல் குறிஞ்சி பூத்தபோது எடுத்த வீடியோ என்னிடம் இருக்கிறது. அடுத்த பெரிய பூப்பு 2030. அதற்கு இப்போது தம்ப்நெயில் மாற்றினால் எழுமா?

ஊட்டி ரூம் ராஜா:
“குறிஞ்சி பூத்தாச்சு, உடனே வாங்க” என்று போடுங்கள் சார், பிய்த்துக்கொண்டு போகும்.

மன்னவனூர் மாஸ்டர்:
ராஜா, உங்களுக்கு இன்னும் புத்தி வரவில்லை.

கோத்தகிரி கலா:
தேவை இல்லாத இடத்தில் தம்ப்நெயிலால் தேவையை உண்டாக்க முடியாது சார். இப்போது மாற்றினால் சின்ன அசைவுதான் இருக்கும். ஆனால் கொடைக்கானலுக்கு வருகிறவர்கள் எல்லா வருஷமும் குறிஞ்சி எப்போது பூக்கும் என்று கேட்கிறார்கள். வீடியோவில் நீங்கள் அதைப் பேசியிருந்தால் “கொடைக்கானலில் குறிஞ்சி எப்போது பூக்கும்?” என்று வைக்கலாம். பேசவில்லை, வெறும் பூக்காட்சிதான் என்றால் விட்டுவிடுங்கள்.

மன்னவனூர் மாஸ்டர்:
ஒரு நிமிஷம் பேசியிருக்கிறேன். கடைசி நிமிஷத்தில்.

கோத்தகிரி கலா:
கடைசியில் என்றால் அதுவரை யாரும் இருக்கமாட்டார்கள். ஸ்டுடியோ எடிட்டரில் நடுவிலும் முன்னாலும் இருப்பதை வெட்டலாம், ஆனால் கடைசியில் இருப்பதைத் தூக்கி முன்னால் வைக்க முடியாது. யோசித்துச் செய்யுங்கள்.

பூம்பாறை பூண்டுக்காரன்:
கடைசியாக ஒன்று. தலைப்பிலிருந்து “பகுதி 3” போனதும், தொடராகப் பார்க்கிற பழைய ஆட்கள் மூன்று எங்கே என்று கமெண்டில் கேட்கிறார்கள். மற்ற பகுதிகளுக்கும் இப்படி மாற்றினால் தொடரே காணாமல் போய்விடாதா?

கோத்தகிரி கலா:
எண்ணைத் தலைப்பிலிருந்து எடுத்து டிஸ்கிரிப்ஷனின் கடைசி வரியில் வையுங்கள், எல்லாவற்றையும் ஒரே பிளேலிஸ்ட்டில் வரிசையாகப் போட்டு அந்த லிங்க்கைப் பின் பண்ணிய கமெண்டில் கொடுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். பகுதி 4 ஏற்கெனவே நகருகிறது, அதைத் தொடாதீர்கள். பகுதி 2 அசையாமல் கிடக்கிறது, ரிட்டென்ஷன் நன்றாக இருந்தால் அடுத்தது அதுதான். எண்களைப் போடுங்கள், பார்க்கலாம்.